மூன்றாம் அறையைப் பற்றி எழுதுங்கள்

கேள்வி: கேம் டிசைனில் பட்டம் பெற்று மூன்று மாதம் ஆகிறது. புதிர் விளையாட்டுகளை உருவாக்கும், பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு ஸ்டூடியோவில் ஜூனியர் கேம் டிசைனர் வேலைக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். என் போர்ட்ஃபோலியோவில் மூன்றே படைப்புகள்: 48 மணி நேர கேம் ஜாமில் தனியாகச் செய்த விளக்கு விளையாட்டு, நால்வராகச் செய்த இறுதியாண்டு புராஜெக்ட், தாளில் செய்த ஒரு சீட்டு விளையாட்டு. இவ்வளவு சிறிய போர்ட்ஃபோலியோவைக் கவர் லெட்டரில் எப்படிச் சமாளிப்பது? வரைவை இணைத்திருக்கிறேன், படித்துக் கருத்துச் சொல்லுங்கள்.

“சமாளிப்பது” என்ற அந்தச் சொல்தான் உங்கள் வரைவையும் கெடுத்திருக்கிறது. ஐந்து பத்திகள் எழுதியிருக்கிறீர்கள். முதல் பத்தியில் சிறு வயதிலிருந்தே விளையாட்டுகள் மீது உங்களுக்குள்ள ஆர்வம். இரண்டாவதில் அந்த ஸ்டூடியோவின் பெருமை. நான்காவதில், “என் போர்ட்ஃபோலியோ சிறியதாக இருந்தாலும் கற்றுக்கொள்ளும் ஆவல் பெரியது” என்று ஒரு மன்னிப்பு. ஐந்தாவதில் நன்றி. நீங்கள் செய்த வேலை மூன்றாவது பத்தியில் இரண்டே வரிகளில் ஒடுங்கிக் கிடக்கிறது. படிப்பவருக்கு உங்கள் படைப்புகள் மூன்றுதான் என்பது ஒரு சிக்கலாகவே தோன்றியிருக்காது. அதை ஒரு சிக்கலாக அவர் கையில் எடுத்துக் கொடுப்பவர் நீங்கள்தான்.

என் பேச்சுக்கு எவ்வளவு எடை தரலாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு ஆண்டுகளாக டிசைனராக இருக்கிறேன். அதில் கடைசி ஆறு ஆண்டுகள் ஜூனியர் இடங்களுக்கு வரும் விண்ணப்பங்களைப் படிப்பவர்களில் நானும் ஒருவன். எல்லாமே பத்து முதல் நாற்பது பேர் வரை இருந்த குழுக்கள். நூற்றுக்கணக்கானோர் வேலை செய்யும் நிறுவனங்களில் விண்ணப்பத்தை முதலில் பார்ப்பவர் ஆள்சேர்ப்புப் பிரிவைச் சேர்ந்தவர். அவருடைய கண் வேறு, என் கண் வேறு. நீங்கள் விண்ணப்பிப்பது பன்னிரண்டு பேர் குழுவுக்கு என்பதால் நான் பார்த்த உலகம் ஓரளவு பொருந்தும்.

அந்த அளவுள்ள குழுவில் உங்கள் கடிதத்தைப் படிக்கப் போகிறவர் பெரும்பாலும் ஒரு டிசைனர். அவருக்கு இது தனி வேலை அல்ல. இரண்டு கூட்டங்களுக்கு நடுவே, ஒரு லெவலைப் பாதியில் விட்டுவிட்டு, பத்துப் பதினைந்து விண்ணப்பங்களைத் திறந்து வைத்துக்கொண்டு பார்ப்பார். அவர் தேடுவது மூன்று விஷயங்கள். இந்த ஆள் எதையாவது முழுதாக முடித்திருக்கிறாரா? அதை நான் இப்போதே விளையாடிப் பார்க்க முடியுமா? அதில் இருப்பதை ஏன் அப்படி வைத்தார் என்று அவருக்குத் தெரியுமா? முதல் இரண்டுக்கும் போர்ட்ஃபோலியோவே பதில் சொல்லிவிடும். மூன்றாவதற்கு அதனால் பதில் சொல்ல முடியாது. முடிந்துபோன விளையாட்டைப் பார்த்தால் அதில் எது யோசித்து வைத்தது, எது தற்செயலாக அமைந்தது என்று வெளியாளுக்குத் தெரியாது. கடிதம் வேலை செய்ய வேண்டிய இடம் அதுதான், அது மட்டும்தான்.

எண்ணிக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. புதிதாகப் படித்து வருபவரிடம் முடிந்த படைப்புகள் இரண்டு மூன்று இருப்பது இயல்பு. பன்னிரண்டு தொடக்கங்களை அடுக்கி, ஒன்றையும் முடிக்காமல் வைத்திருக்கும் பக்கங்களைத்தான் நான் சங்கடத்தோடு மூடியிருக்கிறேன்.

இனி உங்கள் விளக்கு விளையாட்டுக்கு வருகிறேன். வரைவில் அதைப் பற்றி இருப்பது இவ்வளவுதான்: “ஒளியும் நேரமும் சேர்ந்த சுவாரசியமான விளையாட்டு முறையை உருவாக்கி, லெவல் டிசைன், புரோகிராமிங், ஒலி அனைத்தையும் நானே செய்தேன்.” நான் அதை விளையாடிப் பார்த்தேன். இருட்டான எட்டு அறைகள், கையில் ஒரு விளக்கு, எண்ணெய் தீர்வதற்குள் அடுத்த எண்ணெய்க் குடத்தை அடைய வேண்டும். நன்றாகவே இருக்கிறது. ஆனால் மூன்றாம் அறையில் ஒரு படிக்கட்டுத் திட்டு, பிற அறைகளில் இல்லாத மாதிரி, கொஞ்சம் ஒட்டவைத்தது போல இருந்தது. அதைப் பற்றிக் கேட்டபோதுதான் நீங்கள் அந்தக் கதையைச் சொன்னீர்கள். கூடவே, “அதெல்லாம் கடிதத்தில் எழுதும் அளவுக்குப் பெரிய விஷயமில்லை என்று விட்டுவிட்டேன்” என்றும் சொன்னீர்கள். உங்கள் விண்ணப்பத்தில் இருக்கும் ஆகச் சிறந்த சரக்கு அதுதான். மற்றவர்களும் படிப்பதால், நீங்கள் சொன்னதை வரிசைப்படுத்தி இங்கே வைக்கிறேன்.

ஜாம் முடிந்த பிறகு ஏழு பேரை உட்கார வைத்து விளையாடச் சொன்னீர்கள். ஐந்து பேர் மூன்றாம் அறையோடு நிறுத்திவிட்டார்கள். எண்ணெய் போதவில்லை என்று நினைத்து, விளக்கு எரியும் நேரத்தை 60 வினாடியிலிருந்து 80 வினாடியாக உயர்த்தினீர்கள். வேறு நான்கு பேருக்குக் கொடுத்தீர்கள். அவர்களிலும் மூன்று பேர் அதே அறையில் நின்றார்கள். அப்போதுதான் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவர்களுடைய கைகளைப் பார்த்தீர்கள். அவர்கள் எண்ணெய் தீர்ந்து தோற்கவில்லை. திட்டின் விளிம்புவரை வந்து, கீழே இருட்டைப் பார்த்து, குதிக்காமல் திரும்பி நடந்துகொண்டிருந்தார்கள். அப்படி நடந்து நடந்தே எண்ணெய் தீர்ந்தது. காரணம் இரண்டாம் அறை. அங்கே இருட்டுக்குள் விழுந்தால் சாவு என்று நீங்களே அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தீர்கள். அடுத்த அறையிலேயே இருட்டுக்குள் குதித்தால்தான் வழி என்று வைத்தீர்கள். ஆட்டக்காரர்கள் பாடத்தைச் சரியாகத்தான் கற்றிருந்தார்கள். நீங்கள்தான் பாடத்தை மாற்றிவிட்டீர்கள். எனவே எரியும் நேரத்தை மறுபடி 60 வினாடிக்கே கொண்டுவந்து, குதிக்க வேண்டிய இடத்துக்குக் கீழே மங்கலாக மின்னும் எண்ணெய்க் குடம் ஒன்றை ஒரு திட்டில் வைத்தீர்கள். அடுத்த ஆறு பேரில் ஐந்து பேர் கடந்து போனார்கள்.

இதில் ஒரு டிசைனர் கண்ணுக்குப் படுவது எது? குடத்தை வைத்தது அல்ல, அது யாருக்கும் தோன்றும். முதலில் நோயைத் தவறாகக் கணித்து, அளவை மாற்றிப் பார்த்து, அது பலிக்காதபோது அளவை உயர்த்திக்கொண்டே போகாமல் நின்று பார்த்தீர்களே, அதுதான். எங்கள் தொழிலில் ஆண்டுக்கணக்காக இருப்பவர்களும் அந்த இடத்தில் சறுக்குவார்கள். 80 பலிக்கவில்லை என்றால் 100 வைப்பார்கள், பிறகு 120. ஒரு கட்டத்தில் ஆட்டக்காரர் தற்செயலாக வழியைக் கண்டுபிடித்துவிடுவார், சிக்கல் தீர்ந்ததாகத் தோன்றும். ஆனால் அந்தத் தாராளத்தால் மற்ற ஏழு அறைகளிலும் பதற்றம் போயிருக்கும். எண்ணைத் திருப்பி 60க்குக் கொண்டுவந்தீர்கள் என்பது, அந்த எண் விளையாட்டு முழுவதிலும் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும் என்பதற்குச் சாட்சி.

உங்கள் வரைவில் ஓரிடத்தில் ‘எம்டிஏ’ அணுகுமுறையைப் பயன்படுத்தியதாகச் சொல்கிறீர்கள். 2004இல் ராபின் ஹுனிக்கே, மார்க் லெப்லாங்க், ராபர்ட் ஜூபெக் மூவரும் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது அது. டிசைனர் விதிகளின் பக்கத்திலிருந்து விளையாட்டைப் பார்க்கிறார், ஆட்டக்காரர் உணர்ச்சியின் பக்கத்திலிருந்து வருகிறார், இரண்டுக்கும் நடுவே விளையாட்டின் நடத்தை இருக்கிறது என்பது அதன் சாரம். கல்லூரிப் பாடங்களில் அடிக்கடி வருவதால், பெயரைச் சொல்வதால் மட்டும் எந்த எடையும் கூடாது. மூன்றாம் அறைக் கதையோ அதையேதான் பெயர் சொல்லாமல் செய்துகாட்டுகிறது: விதி சரியாக இருந்தது, விதியிலிருந்து பிறந்த பயம் வேறு இடத்தில் போய் வேலை செய்தது. பெயரை எடுத்துவிடுங்கள், கதையை வையுங்கள்.

அதைக் கடிதத்தில் எழுதும்போது தடுமாறும் இடங்கள் சில உண்டு. முதலாவது நீளம். நான் மேலே ஒரு நீண்ட பத்தியில் சொன்னதை நீங்கள் பத்துப் பதினொரு சிறு வாக்கியங்களில் சொல்ல வேண்டும். விளையாட்டின் கதை, அதில் வரும் உலகம், விளக்குக்குப் பின்னால் இருக்கும் தத்துவம் எதுவும் வேண்டாம். ஆட்டக்காரர் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வாக்கியம் போதும். இரண்டாவது, சதவீதம். ஏழு பேரில் ஐந்து பேர் என்பதை “71 சதவீதத்தினர்” என்று எழுதிவருகிறார்கள் பலர். உண்மையான எண்ணிக்கையை மறைத்துப் பெரிதாகக் காட்டுவதாகத்தான் அது படும். எத்தனை பேரிடம் சோதித்தீர்களோ அந்த எண்ணைச் சொல்லுங்கள், சிறியதாகவே இருக்கட்டும். பிளேடெஸ்ட் என்பது கருத்துக்கணிப்பு அல்ல. மூன்று பேர் ஒரே இடத்தில் ஒரே மாதிரி நின்றால் அதுவே போதுமான தடயம் என்று படிப்பவருக்குத் தெரியும். மூன்றாவது, ஆட்டக்காரர் மீது பழி போடுவது. “ஆட்டக்காரர்கள் வழியைக் கவனிக்கத் தவறினர்” என்ற ஒரு வாக்கியம் போதும், முழுப் பத்தியும் கெட்டுவிடும்.

நான்காவது இன்னும் நுட்பமானது. அந்த மாற்றத்தால் எதை இழந்தீர்கள் என்று ஒரு வாக்கியம் சேருங்கள். மின்னும் குடம் வந்ததும் இருட்டுக்குள் குதிக்கும் திகில் போய்விட்டது என்று நீங்களே சொன்னீர்கள். அதை அப்படியே எழுதுங்கள். டிசைனில் எந்தத் தீர்வும் இலவசமாக வருவதில்லை. அதை உணர்ந்திருப்பவரையும் உணராதவரையும் அந்த ஒரு வாக்கியம் பிரித்துக்காட்டிவிடும். நேர்முகத்தில் அடுத்த கேள்வியும் அநேகமாக அதைப் பிடித்துக்கொண்டுதான் வரும்: “திகிலையும் விடாமல் வழியையும் காட்ட வேண்டும் என்றால் என்ன செய்திருப்பீர்கள்?” அந்தக் கேள்விக்கு நீங்கள் இன்றே யோசித்து வைத்துக்கொள்ளலாம். எதிர்பாராத கேள்விக்குத் திணறுவதைவிட, நாமே வரவழைத்த கேள்விக்குப் பதில் சொல்வது எவ்வளவோ மேல்.

நேர்மை பற்றி ஒரு சிறு எச்சரிக்கையும் உண்டு. 48 மணி நேரத்தில் செய்தது வேறு, அதற்குப் பிந்தைய இரண்டு வாரத்தில் திருத்தியது வேறு. லூடம் டேர், குளோபல் கேம் ஜாம் போன்ற நிகழ்வுகளின் பழக்கம் இத்துறையில் எல்லோருக்கும் தெரியும். 48 மணி நேரத்தில் பதினேழு பேரிடம் மூன்று சுற்று சோதனை நடத்த முடியாது என்பதும் தெரியும். “ஜாமுக்குப் பிறகு” என்ற இரண்டு சொற்களை விட்டுவிட்டால் கதை முழுவதும் சந்தேகத்துக்கு இடமாகிவிடும்.

இறுதியாண்டு புராஜெக்டுக்கு மூன்று வாக்கியம் போதும். ஆனால் அந்த வாக்கியங்களில் ஒரு திருத்தம் கட்டாயம் வேண்டும். உங்கள் வரைவில் எல்லாமே “வடிவமைத்தோம்”, “சமநிலைப்படுத்தினோம்” என்று போகிறது. தமிழில் வினையின் வாலே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். எந்த மொழியில் எழுதினாலும் “நாங்கள்” வரும்போதெல்லாம் படிப்பவருக்கு “நீங்கள் என்ன செய்தீர்கள்?” என்ற கேள்வி எழும். ஒருமுறை, ஒரே குழு புராஜெக்டில் இருந்த இரண்டு பேர் எங்களிடம் ஒரே இடத்துக்கு விண்ணப்பித்திருந்தார்கள். சண்டை முறையை உருவாக்கியது தானே என்று இருவரும் எழுதியிருந்தார்கள். ஒருவேளை இருவருமே தங்கள் பங்கை நேர்மையாகத்தான் நினைத்திருக்கலாம். எங்களுக்கு அதைப் பிரித்தறிய வழியில்லாமல் போனது, இருவருமே அடுத்த கட்டத்துக்குப் போகவில்லை. உங்கள் குழுவில் எதிரிகள் வரும் 15 அலைகளின் அட்டவணையை எக்செலில் அமைத்தது நீங்கள், புரோகிராமிங் இன்னொருவர், படங்கள் மற்ற இருவர் என்று சொன்னீர்கள். அதையே எழுதுங்கள். மற்றவர்களின் பங்கைச் சொல்வதால் உங்கள் பங்கு குறையாது, அதன் எல்லை தெளிவாகும். ஜூனியர் டிசைனரின் முதல் ஆண்டில் பெரும்பகுதி அட்டவணையில்தான் கழியும் என்பதால் அந்தப் பதினைந்து அலைகள் நீங்கள் நினைப்பதைவிடப் பயனுள்ளவை.

சீட்டு விளையாட்டைக் கடிதத்தில் விரிக்க வேண்டாம். ஆனால் போர்ட்ஃபோலியோவில் அதன் விதிகளை ஒரே பக்கத்தில் எழுதி வையுங்கள். ஒரு பக்க விதியைப் படித்து வேறொருவர் உதவியில்லாமல் விளையாட முடிந்தால், தெளிவாக எழுதத் தெரிந்தவர் என்பது அங்கேயே நிரூபணமாகிறது.

ஸ்டூடியோவைப் பற்றிய பத்திதான் பெரும்பாலான கடிதங்களில் மிக வீணான பத்தி. “உங்கள் புதுமையான விளையாட்டுகள் என்னைக் கவர்ந்தன” என்பதை எந்த ஸ்டூடியோவுக்கும் அனுப்பலாம் என்பதால் எந்த ஸ்டூடியோவும் அதைப் படிப்பதில்லை. இன்னொரு எல்லையும் உண்டு: அவர்களுடைய விளையாட்டில் எதை மாற்ற வேண்டும் என்று பட்டியல் போடுவது. நீங்கள் சொல்வதை அவர்கள் ஏற்கெனவே முயன்று கைவிட்டிருக்கலாம். ஏன் கைவிட்டார்கள் என்பது உள்ளே இருப்பவர்களுக்குத்தான் தெரியும். தவிர, வெளியார் அனுப்பும் புதிய விளையாட்டு யோசனைகளைச் சட்டச் சிக்கல் வரலாம் என்று பல ஸ்டூடியோக்கள் படிக்கவே மறுக்கும். எனவே இரண்டுக்கும் நடுவே ஒன்று செய்யுங்கள். அவர்களுடைய விளையாட்டில் ஒரே ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு, அது எப்படி வேலை செய்கிறது என்று நீங்கள் கவனித்ததைச் சொல்லுங்கள். அவர்களின் புதிர் விளையாட்டில் பத்தொன்பதாவது லெவலில் நகரும் கட்டை முதன்முதலாக வருகிறது, அப்போது மற்றத் தடைகள் எல்லாம் விலக்கப்பட்டிருக்கின்றன, தோற்கவே முடியாது என்று என்னிடம் சொன்னீர்கள். புதிய பொருளை ஆபத்தில்லாத இடத்தில் அறிமுகப்படுத்துகிறார்கள் என்று பிடித்திருக்கிறீர்கள். உங்கள் மூன்றாம் அறையில் நீங்கள் செய்யத் தவறியது சரியாக அதுவே. இரண்டையும் சேர்த்துவிட்டால் புகழாமலே அவர்களைப் பற்றிப் பேசியாகிவிடும், உங்கள் கதைக்கும் ஒரு முடிச்சு விழும்.

எல்லாம் சேர்ந்து எப்படி வரும் என்று காட்ட முழுக் கடிதத்தையும் கோர்த்துப் பார்த்தேன். அப்படியே எடுத்து ஒட்டாதீர்கள், உங்கள் நடையில் மாற்றிக்கொள்ளுங்கள்.

“வணக்கம். ஜூனியர் கேம் டிசைனர் இடத்துக்கு விண்ணப்பிக்கிறேன். இந்த ஆண்டு கேம் டிசைனில் பட்டம் பெற்றேன். நான் தனியாகச் செய்த விளக்கு விளையாட்டைக் கீழேயுள்ள இணைப்பில் பிரவுசரிலேயே விளையாடலாம். முழுதாக முடிக்கப் பத்து நிமிடம் ஆகும்.

அதில் எண்ணெய் தீர்வதற்குள் இருட்டான அறைகளைக் கடக்க வேண்டும். 48 மணி நேர ஜாமுக்குப் பிறகு ஏழு பேரிடம் சோதித்தேன். ஐந்து பேர் மூன்றாம் அறையில் நின்றுவிட்டார்கள். எண்ணெய் போதவில்லை என்று நினைத்து 60 வினாடியை 80 ஆக்கினேன். அடுத்த நான்கு பேரில் மூன்று பேர் அங்கேயே நின்றார்கள். கவனித்தபோது, அவர்கள் இருட்டுக்குள் குதிக்கத் தயங்கித் திரும்பியது தெரிந்தது. விழுந்தால் சாவு என்று இரண்டாம் அறையில் நானே கற்றுக்கொடுத்திருந்தேன். நேரத்தை 60க்கே திருப்பி, கீழே மங்கலாக மின்னும் ஒரு குடத்தை வைத்தேன். பிறகு வந்த ஆறு பேரில் ஐந்து பேர் கடந்தார்கள். ஆனால் அந்த அறையின் திகில் குறைந்துவிட்டது. அதற்கு இன்னும் நல்ல தீர்வு எனக்குக் கிடைக்கவில்லை.

உங்கள் விளையாட்டின் பத்தொன்பதாவது லெவலில் நகரும் கட்டை முதலில் வரும்போது ஆட்டக்காரர் தோற்க வழியே இல்லை என்பதைக் கவனித்தேன். அதை முன்பே பார்த்திருந்தால் என் மூன்றாம் அறை வேறு மாதிரி இருந்திருக்கும்.

நால்வராகச் செய்த இறுதியாண்டு புராஜெக்டில் எதிரிகளின் 15 அலைகளை எக்செல் அட்டவணையில் அமைத்துச் சமநிலைப்படுத்தியது என் பொறுப்பு. புரோகிராமிங்கும் படங்களும் மற்ற மூவருடையவை. அந்த அட்டவணையும், நான் தாளில் செய்த சீட்டு விளையாட்டின் ஒரு பக்க விதிகளும் அதே இணைப்பில் உள்ளன. அழைத்தால் பேச வருகிறேன். நன்றி.”

ஒரு பக்கத்தில் பாதிக்கு மேல் போகாது. ஆர்வம் என்ற சொல் எங்குமே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? பதினேழு பேரை உட்கார வைத்துப் பின்னால் நின்று பார்த்தவருக்கு அந்தச் சொல் தேவைப்படாது.

இணைப்பைப் பற்றிக் கொஞ்சம் கறாராகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நல்ல கடிதங்கள் இங்கேதான் வீணாகின்றன. உங்கள் விளையாட்டு இப்போது விண்டோஸில் இறக்கி இயக்கும் கோப்பாக மட்டும் இருக்கிறது. கையொப்பமிடப்படாத கோப்பை இயக்கினால் விண்டோஸ் ஒரு நீலப் பெட்டியைக் காட்டித் தடுக்கும். அலுவலகக் கணினியில் அதைத் தாண்டிப் போகப் பலருக்கு அனுமதியே இருக்காது. நானும் தாண்டுவதில்லை, உங்கள் விளையாட்டை வீட்டுக் கணினியில்தான் பார்த்தேன். நீங்கள் பயன்படுத்திய யூனிட்டியிலிருந்தே பிரவுசரில் ஓடும் வடிவத்தை எடுத்து itch.io போன்ற தளத்தில் ஏற்றலாம். பிரவுசர் வடிவத்தில் இருளும் ஒளியும் சற்று மாறித் தெரியலாம். உங்கள் விளையாட்டே ஒளியை நம்பி இருப்பதால் எட்டு அறைகளையும் ஒருமுறை அதில் ஆடிச் சரிபாருங்கள். சீட்டு விளையாட்டின் விதிகளை வைத்திருக்கும் டிரைவ் இணைப்பைத் திறந்தபோது என்னிடம் அனுமதி கேட்டது. உங்கள் கணக்கில் நுழைந்திருப்பதால் உங்களுக்கு அது தெரியவே தெரியாது. எல்லா இணைப்புகளையும் பிரவுசரின் தனிப்பட்ட சாளரத்தில், முடிந்தால் இன்னொருவர் கணினியில், திறந்து பாருங்கள். விளையாட்டுப் பக்கத்தில் பழைய மூன்றாம் அறையும் புதிய மூன்றாம் அறையும் அருகருகே இருக்கும் ஒரு படத்தைப் போடுங்கள். அவசரத்தில் இருப்பவர் விளையாடாமலே அதைப் பார்த்துவிடுவார்.

இதுவரை சொன்னவற்றில் எனக்கு ஐயமில்லை. இனி வருபவை நபருக்கு நபர் மாறுபவை. கடிதத்தைப் படிக்காமல் நேராக இணைப்புக்குப் போகும் டிசைனர்களுடன் நான் வேலை செய்திருக்கிறேன். கடிதம் இல்லாவிட்டால் தொடவே மாட்டேன் என்பவர்களுடனும் செய்திருக்கிறேன். எனவே மூன்றாம் அறைப் பத்தியைச் சிறு மாற்றங்களோடு விளையாட்டின் பக்கத்திலும் வையுங்கள், எந்த வழியில் வந்தாலும் கண்ணில் படட்டும். “இன்னும் நல்ல தீர்வு எனக்குக் கிடைக்கவில்லை” என்ற வாக்கியத்தை என் சக ஊழியர் ஒருவரிடம் காட்டியிருந்தால் பலவீனமாகத் தெரிகிறது, வெட்டிவிடு என்றிருப்பார். எனக்கு அந்த வாக்கியம்தான் பிடித்தது. நீங்கள் அனுப்பும் ஸ்டூடியோவில் இருப்பவர் என் கட்சியா, அவர் கட்சியா என்று சொல்ல என்னால் முடியாது. மனம் ஒப்பவில்லை என்றால் அதை எடுத்துவிட்டு, திகில் குறைந்தது என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்தப் பாதியை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

வேலை அறிவிப்பில் “ஒரு கேமாவது வெளியிட்ட அனுபவம்” என்று ஒரு வரி இருப்பதால் தயங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள். ஜூனியர் இடத்துக்கு அதைப் பெரும்பாலும் விருப்பமாகத்தான் போடுகிறார்கள், ஆனால் எல்லா இடத்திலும் அப்படி இல்லை. கட்டாயம் என்று வெளிப்படையாக எழுதியிருந்தால் கடிதத்தால் அதைத் தாண்ட முடியாது. அப்படி எழுதாவிட்டால் அனுப்பிவிடுங்கள், அதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தையும் பேசாமல்.

அனுப்பும் முன் பிரவுசர் வடிவத்தை ஏற்றிவிட்டு இணைப்பை எனக்கும் ஒருமுறை தாருங்கள். இந்த முறை அலுவலகக் கணினியிலேயே திறந்து பார்க்கிறேன்.